‘வருவான் மிஸ்’ என்ற பதில் எப்போது வரவேண்டும்?

அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்த கையோடு பல பள்ளிகளில் ஆண்டு விழா வேலை தொடங்கிவிடும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை இப்படி ஒரு செய்தி வந்து விழும்:

> அன்பான பெற்றோர்களே, நாளை நாடக ஒத்திகை நடைபெறும். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும். கன்ஃபர்ம் செய்யவும்.

அடுத்த அரை மணி நேரத்தில் நான்கு கட்டைவிரல்கள் வரும். ‘ஓகே மிஸ்’ என்று மூன்று பேர் எழுதுவார்கள். ‘எத்தனை மணி வரைக்கும் மிஸ்?’, ‘வேன் இருக்குமா?’, ‘என் பொண்ணு நாடகமா, டான்ஸா?’ என்று கேள்விகள் வரும். கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் முதல் செய்தி மேலே போய் மறைந்துவிடும். நாளை எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது அப்போதும் ஆசிரியைக்குத் தெரியாது. கட்டைவிரல் காட்டியவர் ‘பார்த்துவிட்டேன்’ என்கிறாரா, ‘அனுப்புகிறேன்’ என்கிறாரா என்பதைக்கூட அதை வைத்துச் சொல்ல முடியாது.

பள்ளி நாடகம் போட்டவர்களுக்கு இது பழகிய சங்கடம். நடிப்புச் சொல்லிக்கொடுப்பதைவிட ஆள் சேர்ப்பதில்தான் தெம்பு போகிறது என்று அவர்கள் சொல்வது உண்மை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பாடம் கற்றார்கள். ஒத்திகைக்கு அழைக்கக் குரல் கொடுத்தால் போதும். இன்றைய பள்ளிப் பிள்ளையின் மாலை நேரம் அப்படி ஒருவர் கையில் இல்லை. பாதி வேன் டிரைவர் கையில் இருக்கிறது, பாதி டியூஷன் வாத்தியார் கையில். மிச்சத்தை வீட்டில் நடக்கும் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துக்கொள்கின்றன. தை மாதம் முகூர்த்த மாதம் என்பதை மறந்து ஆண்டு விழா ஒத்திகை அட்டவணை போடவே முடியாது.

ஆகவே, ஒத்திகைச் செய்தி எழுதும் வேலை கைப்பேசியில் தொடங்குவதில்லை. ஒரு தாளில் தொடங்குகிறது.

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளி மேடைகளில் அடிக்கடி ஏறும் நாடகம். பதின்மூன்று பிள்ளைகள் நடிப்பதாக வைப்போம்: அரசர், அரசி, இளவரசன், அமைச்சர், தேரோட்டி, பசு, கன்று, காவலர் இருவர், ஊர்மக்கள் நால்வர். ஐந்து காட்சிகள். முதல் காட்சி அரண்மனை. அரசர், அரசி, இளவரசன் மூவர் மட்டும். இரண்டாவது காட்சியில் இளவரசனின் தேர் வீதியில் வருகிறது, கன்று அடிபடுகிறது. அதற்கு இளவரசன், தேரோட்டி, பசு, கன்று, ஊர்மக்கள் நால்வர் என எட்டுப் பேர் வேண்டும். மூன்றாவதில் பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. பசு, காவலர் இருவர், அரசர், அமைச்சர் என ஐவர். நான்காவது, தீர்ப்பைச் சொல்லிவிட்ட அரசரிடம் அரசியும் அமைச்சரும் மன்றாடும் காட்சி, மூவர். கடைசிக் காட்சிக்கு எல்லோரும்.

ஒரு தாளில் மேலே காட்சி எண்களையும் இடப்பக்கம் பாத்திரங்களையும் எழுதி, யார் எந்தக் காட்சியில் உண்டோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். பத்து நிமிட வேலை. தாளைப் பார்த்த உடனே சில விஷயங்கள் கண்ணில் படும். அரசர் ஐந்தில் நான்கு காட்சிகளில் இருக்கிறார். இரண்டாவதில் மட்டும் இல்லை. ஆகவே அரசராக நடிக்கும் பையன் வராத நாளில் செய்யக்கூடியது தேர்க் காட்சி ஒன்றுதான். இளவரசன் வராவிட்டால் மூன்றும் நான்கும் செய்யலாம். பசு வராவிட்டால் ஒன்றும் நான்கும் செய்யலாம். ஊர்மக்கள் நால்வருக்கும் இரண்டு காட்சிகளில்தான் வேலை; அவர்களைத் தினமும் நிறுத்திவைக்கத் தேவையே இல்லை.

இந்தத் தாள் இல்லாமல் ‘அனைவரும் வரவும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? அன்று ஆசிரியை அரசர், அரசி, அமைச்சர் மூவரோடு நான்காவது காட்சியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். அந்தக் காட்சிக்கு அவ்வளவு நேரம் தேவைதான். மீதிப் பத்துப் பிள்ளைகள் அரங்கத்தின் பின்பக்கம் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், அதட்டு வாங்குவார்கள், இருட்டிய பிறகு வீடு போவார்கள். ‘என்னடா பண்ணீங்க இன்னைக்கு?’ என்று அம்மா கேட்டால், ‘ஒண்ணும் பண்ணலை, உக்காந்திருந்தோம்’ என்பான். இரண்டு முறை இந்தப் பதிலைக் கேட்ட அம்மா மூன்றாவது முறை டியூஷனுக்கு அனுப்பிவிடுவார். ஆண்டு விழா நெருங்க நெருங்க ஒத்திகைக்கு வரும் கூட்டம் குறைவதற்குப் பெற்றோரின் அலட்சியம் காரணம் என்று பள்ளிகளில் சொல்வார்கள். என் பார்வையில் பெரும்பாலும் காரணம் இதுதான்: ‘வா’ என்று சொன்ன நாளில் பிள்ளைக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

தாள் தயாரானதும் முதலில் போகவேண்டியது அழைப்பு அல்ல, ஒரு கேள்வி. மூன்று வார ஒத்திகை நாட்களையும் வரிசையாகக் கொடுத்து, ‘இவற்றில் எந்தெந்த நாள் உங்கள் பிள்ளை கட்டாயம் வரமுடியாது?’ என்று ஒரே முறை கேட்டுவிட வேண்டும். கல்யாணத் தேதி முன்பே தெரிந்ததுதான். செவ்வாயும் வெள்ளியும் டியூஷன் என்பதும் தெரிந்ததுதான். இதையெல்லாம் வாங்கி அதே தாளில் பாத்திரத்தின் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டால், அட்டவணை கிட்டத்தட்ட தானே எழுந்து வரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அட்டவணையை முதலில் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு நாளும் ‘ஏன் வரவில்லை’ என்று விசாரிக்கிறார்கள்.

தெரிந்த தடைகள் இப்படி முன்னாலேயே வந்துவிட்டால், ஒவ்வொரு ஒத்திகைக்கும் போகும் செய்தி சுருக்கமாக இருக்கலாம். இதோ ஒரு மாதிரி:

> நாடக ஒத்திகை, ஜனவரி 22, வியாழன்
> மாலை 3.45 முதல் 5.00 வரை, கீழ்த்தளக் கூடம்
> காட்சி 3 மட்டும்
> வரவேண்டியவர்கள்: அரசர், அமைச்சர், பசு, காவலர் இருவர்
> மற்றவர்கள் வழக்கம்போல் வேனில் கிளம்பலாம்.
> இந்த ஐவருக்கும் பள்ளி வேன் கிடையாது. 5.00 மணிக்கு முன்வாசலில் அழைத்துக்கொள்ளவும்.
> வசனத் தாள், பென்சில் கொண்டுவரவும்.
> செவ்வாய் இரவு 8 மணிக்குள் பிள்ளையின் பெயர், வகுப்பு எழுதி ‘வருவார்’ அல்லது ‘வர இயலாது’ என்று பதில் தரவும்.

இதில் பெற்றோர் தேடுவது இரண்டே விஷயங்கள்: என் பிள்ளை உண்டா இல்லையா, எப்படி வீடு வந்து சேரும். ‘மற்றவர்கள் வேனில் கிளம்பலாம்’ என்ற வரி, வரத் தேவையில்லாத எட்டு வீடுகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. முடியும் நேரத்தை எழுதாத செய்தி பாதிச் செய்திதான். தொடங்கும் நேரம் ஆசிரியைக்கு முக்கியம். வேலையிலிருந்து கிளம்பி வந்து பிள்ளையை அழைத்துப்போக வேண்டிய அப்பாவுக்கு முடியும் நேரம்தான் முக்கியம். 5.00 என்று எழுதினால் 5.00 மணிக்கு விட்டுவிடவும் வேண்டும். வாசலில் அரை மணி நேரம் வண்டியோடு நிற்கவைத்த பள்ளிக்கு அடுத்த முறை ‘வர இயலாது’ என்ற பதில் சுலபமாக வரும்.

வியாழன் ஒத்திகைக்குச் செவ்வாய் இரவே ஏன் பதில்? இந்த இடத்தில்தான் பெரும்பாலான பள்ளிகள் தவறவிடுகின்றன. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குக் கெடு வைத்திருந்தால் நடப்பதைப் பாருங்கள். புதன் இரவு அரசரின் அம்மா எழுதுகிறார்: ‘மிஸ், நாளைக்கு எங்க சித்தப்பா வீட்ல நிச்சயம், திடீர்னு முடிவாயிடுச்சு, வர இயலாது.’ அரசர் இல்லாமல் மூன்றாவது காட்சி நடக்காது. தாளைப் பார்த்தால் தேர்க் காட்சிக்கு மாற்றலாம் என்று தெரிகிறது. ஆனால் அதற்கு வேண்டிய எட்டுப் பேரில் பசுவைத் தவிர ஏழு பேருக்கு ‘நாளை வேண்டாம், வேனில் போகலாம்’ என்று சொல்லியாயிற்று. இரவு எட்டரைக்கு ஏழு வீடுகளை எழுப்பி, மறுநாள் மாலை யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று ஏற்பாடு செய்யச் சொல்ல முடியாது. ஒத்திகை ரத்து. அதே பதில் செவ்வாய் இரவு வந்திருந்தால், புதன் காலை ஏழு வீடுகளுக்கும் சொல்லி, புதன் மாலைக்குள் அவர்கள் பதிலையும் வாங்கி, வியாழன் மாலையை முழுதாகப் பயன்படுத்தலாம். மாற்றுவதற்கு அவகாசம் இருக்கும்போது வாங்கினால்தான் அந்த உறுதிமொழியால் பயன். அதற்குப் பிறகு வருவது வெறும் தகவல்.

அடுத்து, பதிலை எப்படி வாங்குவது. வாட்ஸ்அப்பில் 2022 கடைசியில் வந்த கருத்துக்கணிப்பு வசதியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ‘வருவார்’, ‘தாமதமாக வருவார்’, ‘வர இயலாது’ என்று மூன்று விடைகள் கொடுத்து, ஒருவர் ஒரு விடையைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்துவிட்டால் எண்ணிக்கை தானே வந்துவிடும். வசதியானதுதான், ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. ஓட்டுப் போடுவது பிள்ளை இல்லை, ஒரு கைப்பேசி எண். ஒரு வீட்டில் அம்மாவும் அப்பாவும் குழுவில் இருப்பார்கள். அம்மா ‘வருவார்’ என்றும் அப்பா ‘வர இயலாது’ என்றும் ஆளுக்கொன்று அழுத்தியிருப்பார்கள். இன்னொரு வீட்டில் அண்ணன் காவலர், தங்கை கன்று. ஒரு எண்ணிலிருந்து ஒரே ஓட்டுதான் விழும். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் தன் பெயரை ‘முருகன் துணை’ என்று வைத்திருப்பார். அது யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டும். இதற்கு எளிய வழி, குழு தொடங்கும் நாளிலேயே ஒவ்வொரு எண்ணையும் பிள்ளையின் பெயர், வகுப்பு, பாத்திரம் சேர்த்து ஆசிரியை தன் கைப்பேசியில் சேமித்துக்கொள்வதும், ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் பதில் சொல்வது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வதும். பதின்மூன்று பேர் கொண்ட நாடகத்துக்குப் பெயர் எழுதிப் பதில் வாங்குவதே மேல் என்பது என் கருத்து. பிள்ளையின் பெயரை எழுதும்போது பெற்றோர் ஒரு நொடி யோசிக்கிறார்கள்.

‘வர இயலாது’ என்பவரிடம் குழுவில் வைத்துக் காரணம் கேட்கக்கூடாது. காய்ச்சல் என்றால் அவர்களே எழுதிவிடுவார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுச் சண்டை, பெண் பிள்ளையின் மாதவிலக்கு, ஆடைக்குக் கட்டப் பணமில்லாதது ஆகியவற்றை இருபது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் எழுத மாட்டார்கள். பொய்க் காரணம் எழுதவைப்பதும் நியாயமில்லை. தேவைப்பட்டால் தனியே போனில் பேசலாம். ஆடைப் பணம் என்று தெரிந்தால் அதற்குப் பள்ளியில் வழி இருக்கும்.

எந்தப் பதிலும் சொல்லாதவர்கள்தான் பெரிய கூட்டம். மௌனம் சம்மதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. குழுவில் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று தனித்தனியே காட்டும். தனிச் செய்திகளுக்கு நீல டிக்கை நிறுத்திவைத்தவர்களும் குழுவில் படித்தால் தெரிந்துவிடும். படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர் பெரும்பாலும் முடிவு எடுக்காதவர். அவருக்கு ஒரு நினைவூட்டல் போதும். செய்தியே போய்ச் சேராதவரின் எண் மாறியிருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம். அவருக்கு எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் பயனில்லை, நேரடியாக அழைக்கத்தான் வேண்டும். ஸ்மார்ட்ஃபோன் இல்லாத வீடுகளுக்கு டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழைய வழியைவிட நல்லது எதுவுமில்லை.

பிள்ளையையே காலையில் வகுப்பில் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்கலாம். பையன் உற்சாகமாக ‘வருவேன் மிஸ்’ என்பான். அவன் ஆசையை அது சொல்கிறது. மாலை ஐந்து மணிக்கு அழைத்துப்போக வீட்டில் ஆள் உண்டா என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

பாடகர் குழுவில் இந்தக் கணக்கு சற்று வேறு. அங்கே காட்சி இல்லை, குரல் பிரிவு உண்டு. இருபத்துநான்கு பேர் பாடும் குழுவில் பதினாறு பேர் முதல் குரலும் எட்டுப் பேர் இரண்டாம் குரலும் பாடுவதாக வைத்தால், முதல் குரலில் மூவர் வராவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாம் குரலில் அதே மூவர் வராவிட்டால், மிச்ச ஐந்து பேரும் பக்கத்தில் ஓங்கி ஒலிக்கும் முதல் குரலோடு மெல்லச் சேர்ந்துகொள்வார்கள். அன்றைய ஒத்திகையில் அந்தத் தவறையே பழகிவிட்டுப் போவார்கள். ஆகவே ‘இருபத்தொரு பேர் வருகிறார்கள்’ என்ற மொத்த எண்ணிக்கையால் பயனில்லை. குரல் வாரியாகத் தனித்தனியே பதில் வாங்க வேண்டும். இரண்டாம் குரல் குறைகிறது என்று முன்பே தெரிந்தால், அன்று முதல் குரலை மட்டும் வைத்துப் பாடம் நடத்திவிட்டுச் சேர்த்துப் பாடுவதை வேறு நாளுக்குத் தள்ளலாம். கீபோர்டு வாசிப்பவர் வருகிறாரா என்பதை எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு செய்தியை மாற்ற நேர்ந்தால் மாறிய வரியை மட்டும் அனுப்புவது ஆபத்து. ‘நாளை 4.15க்கு மாற்றம்’ என்று ஒரு வரி வந்தால், அதைப் பார்க்காமல் பழைய செய்தியை மட்டும் பார்த்தவர் 3.45 என்றே நினைப்பார், ‘4.15’ என்பது தொடங்கும் நேரமா முடியும் நேரமா என்ற குழப்பமும் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். திருத்தினாலும் முன்பே படித்துவிட்டவர் மறுபடி போய்ப் பார்க்கப்போவதில்லை. பழையதை எல்லோருக்கும் நீக்கிவிட்டு, ‘மாற்றம்’ என்று தலைப்பிட்டு முழுச் செய்தியையும் மறுபடி அனுப்பி, அதைக் குழுவின் மேலே பின் செய்து வைப்பதே சரி. பதிலையும் புதிதாக வாங்க வேண்டும். பழைய நேரத்துக்குச் சொன்ன ‘வருவார்’ புதிய நேரத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவு கவனமாக வாங்கிய பதில்கள் ஒத்திகை நாளன்று கைப்பேசியிலேயே கிடந்தால் போதாது. மதியம் மூன்று மணிக்குள் அந்தப் பெயர்ப் பட்டியல் காகிதத்தில் இரண்டு இடத்துக்குப் போயாக வேண்டும்: ஒன்று ஒத்திகைக் கூடத்துக்கு, இன்னொன்று வேன் பொறுப்பாளரிடம். ஏனென்றால் பள்ளி விட்ட பிறகான அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளை யார் கணக்கிலும் இல்லாமல் போய்விடக்கூடும். வேன் டிரைவர் ‘அவன் ஒத்திகைக்கு நின்னுட்டான்’ என்று நினைத்துக் கிளம்புகிறார். ஆசிரியை ‘அவன் இன்னைக்கு வரலை போல’ என்று நினைத்து ஒத்திகையைத் தொடங்குகிறார். பையன் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நண்பனோடு பேசிக்கொண்டிருக்கிறான், அல்லது கேட்டைத் தாண்டிவிட்டான். கையில் பட்டியல் இருந்தால் 3.55-க்கே இது பிடிபட்டுவிடும்: ‘வருவார்’ என்று வீட்டில் எழுதியிருக்கிறார்கள், கூடத்தில் ஆள் இல்லை. உடனே ஒருவர் தேடப் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் பெற்றோர் பதில் எழுதுவதற்கு நாம் திருப்பித் தரவேண்டியது இந்தக் கவனத்தைத்தான்.

முடிந்து போகும்போதும் அதே தாளில் குறிக்கலாம்: யார் வந்து அழைத்துப்போனார்கள், எத்தனை மணிக்கு. ‘மாமா வந்திருக்கார்’ என்று பிள்ளை சொன்னால், அந்த மாமாவைப் பற்றி வீட்டிலிருந்து முன்கூட்டியே ஒரு வரி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தை மாதத்தில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டும் வரை ஒரு பெரியவர் அங்கே நிற்பது அட்டவணையிலேயே பெயர் போட்டு எழுதப்பட வேண்டிய வேலை.

கடைசி வாரம் வந்தால் செய்தியின் வடிவம் மாறும். மேடை ஒத்திகைக்கும் ஆடை ஒத்திகைக்கும் பதின்மூன்று பேரும் வரவேண்டும், தாளைப் பார்த்து மாற்றிக்கொள்ள இடமில்லை. அதனால்தான் அந்த இரண்டு நாட்களை, தடைகளைக் கேட்ட முதல் செய்தியிலேயே தனியாகக் குறித்து, இவற்றுக்கு வரமுடியாதவர் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் பாத்திரத்தை மாற்றிக் கொடுத்திருக்கலாம், அல்லது அந்த நாளையே நகர்த்தியிருக்கலாம். ஆடை ஒத்திகையன்று காலையில் தெரிந்தால், வசனம் தெரிந்த இன்னொரு பிள்ளை கையில் தாளோடு நின்று படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதற்கான பிள்ளை யார் என்பதையாவது முதல் வாரத்திலேயே முடிவு செய்து, அவன் வீட்டுக்கும் சொல்லிவைப்பது நல்லது.

விழா முடிந்த மறுநாள் நன்றி சொல்லி, குழுவை மூடிவிடலாம். அதில் முப்பது நாற்பது வீடுகளின் எண்களும் பிள்ளைகளின் ஒத்திகைப் படங்களும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு நடிக்கப்போவது வேறு பிள்ளைகள். காட்சித் தாளையும் வருகைத் தாளையும் மட்டும் ஆசிரியை ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த ஜனவரியில் எந்தக் கிழமை எவ்வளவு பேர் நின்றார்கள் என்று பார்த்து ஒத்திகை நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம்.